ஆதென்டிகேட்டர் இருக்கும் போன் தொலைந்தால்: பேக்கப் கோடுகளை எங்கே வைப்பது?

கேள்வி: ஜிமெயில், கிட்ஹப், பாஸ்வேர்டு மேனேஜர் மூன்றுக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் போட்டிருக்கிறேன், எல்லாம் ஒரே போனில். போன் தொலைந்தால் என்ன செய்வது? பேக்கப் கோடு எடுத்து வை என்கிறார்கள். எடுத்தும் விட்டேன், எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

போன வருடம் என் சித்தி மகளுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் வைத்திருந்த ஏற்பாடு அநேகமாக உங்களுடையது போலத்தான். கோவையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வந்து இறங்கியபோது பையில் போன் இல்லை. அறைக்கு வந்ததும் பதற்றத்தில் அவள் செய்த முதல் காரியம், லேப்டாப்பில் திறந்திருந்த எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, பிரவுசரின் குக்கீகளையும் அழித்தது. திருடன் உள்ளே வந்துவிடக் கூடாது என்று நினைத்து அப்படிச் செய்தாள். ஆனால் தொலைந்தது போன்தானே, லேப்டாப் இல்லையே. அன்றைக்கு அவளுக்கு மிச்சமிருந்த ஒரே திறந்த கதவு அந்த லேப்டாப்தான். அதையும் சாத்திவிட்டாள்.

அப்புறம் திரும்ப உள்ளே போகப் பார்த்தாள். கூகுளில் பாஸ்வேர்டு போட்டதும் "உங்கள் போனில் Yes தட்டுங்கள்" என்றது, போன் இல்லை. `Try another way` அழுத்தினால் ஆதென்டிகேட்டர் எண் கேட்டது, அதுவும் போனில்தான் இருந்தது. எஸ்எம்எஸ் அனுப்பவா என்றது, சிம் அந்த போனுக்குள் இருந்தது. கடைசியில் பேக்கப் கோடு கேட்டது. அதை அவள் முன்பே எடுத்து வைத்திருந்தாள், கூகுள் டிரைவில். டிரைவைத் திறக்க கூகுள் கணக்கு வேண்டும். சரி, பாஸ்வேர்டு மேனேஜர் வழியாக ஏதாவது செய்யலாம் என்று பார்த்தால், புது பிரவுசரில் அதுவும் ஆதென்டிகேட்டர் எண் கேட்டது. ஆதென்டிகேட்டரில் சிங்க் போட்டிருந்தாள், ஆக எல்லா எண்களின் நகலும் இணையத்தில் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் அவை இருந்த இடம் அதே கூகுள் கணக்கு. மீட்பு மின்னஞ்சலாக ஒரு பழைய முகவரி கொடுத்திருந்தாள், அதன் பாஸ்வேர்டு மேனேஜருக்குள் இருந்தது.

இதில் அவள் எதையும் அலட்சியமாக விடவில்லை என்பதைக் கவனியுங்கள். பேக்கப் கோடு எடுத்தாள், சிங்க் போட்டாள், மீட்பு மின்னஞ்சலும் கொடுத்தாள். ஆனால் மூன்றும் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நின்றன, அந்த வட்டத்துக்கு வெளியே எதுவுமே இல்லை. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. எங்கே வைப்பது என்ற உங்கள் கேள்விக்கு முழுப் பதிலும் இந்த வட்டத்தை உடைப்பதில்தான் இருக்கிறது.

அதனால் முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். மூன்று கணக்குகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், போன் இல்லாமல் ஒரு புது லேப்டாப்பில் இதைத் திறக்க எனக்கு என்னென்ன வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜிமெயிலின் பாஸ்வேர்டு மேனேஜரில், மேனேஜர் பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் இரண்டாம் படி எண் போனில், போனுக்குப் பதிலான பேக்கப் கோடு ஜிமெயிலில் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போனால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அம்பு சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தால் நீங்கள் வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். அம்பு கடைசியில் உங்கள் தலைக்குள் இருக்கும் ஒரு பாஸ்வேர்டிலோ அலமாரியில் இருக்கும் ஒரு தாளிலோ போய் நின்றால் நல்லது.

பெரும்பாலானவர்களுக்கு வேர்க் கணக்குகள் இரண்டுதான், மின்னஞ்சலும் பாஸ்வேர்டு மேனேஜரும். இந்த இரண்டும் திறந்துவிட்டால் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளலாம். ஆகவே இரண்டு பாஸ்வேர்டுகள் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், இரண்டு கணக்குகளின் பேக்கப் கோடுகள் தாளில் இருக்க வேண்டும். கிட்ஹப் உள்பட மீதி எல்லாவற்றின் கோடுகளையும் மேனேஜருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பாஸ்வேர்டும் இரண்டாம் படியும் ஒரே பெட்டியில் இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். அந்த மேனேஜரை யாராவது உடைத்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஆனால் முப்பது தளங்களின் கோடுகளைத் தாளில் வைத்துப் பராமரிப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இரண்டு தாள் என்றால் செய்வீர்கள், முப்பது என்றால் செய்ய மாட்டீர்கள். வேர்க் கணக்குகள் இரண்டின் கோடுகள் மட்டும் மேனேஜருக்கு வெளியே, தாளில் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

இந்தக் கோடு என்பது என்ன என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், எங்கே வைப்பது என்பது அதைப் பொறுத்தது. கூகுள் கொடுப்பது 10 கோடுகள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். `myaccount.google.com` போய் `Security`, அதில் `2-Step Verification`, அதற்குள் `Backup codes` என்று இருக்கும். கிட்ஹப் 16 கோடுகள் தரும், நடுவில் ஒரு ஹைஃபன் போட்டு ஐந்தைந்து எழுத்தாக இருக்கும். இரண்டிலும் ஒரே விதி, புதிதாக ஒரு தொகுதி எடுத்த கணமே பழைய தொகுதி முழுக்கச் செத்துப்போகும். பாஸ்வேர்டு மேனேஜராக பிட்வார்டன் வைத்திருந்தால் அங்கே ஒரே ஒரு நீளமான மீட்புக் கோடுதான் வரும், அதைப் பயன்படுத்தினால் இரண்டாம் படியையே அணைத்துவிடும், ஆகவே பயன்படுத்தியதும் இரண்டாம் படியைத் திரும்பப் போட்டுப் புதுக் கோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமான விஷயம், இந்தக் கோடுகள் பாஸ்வேர்டுக்குப் பதில் அல்ல. போனுக்கு மட்டும்தான் பதில். அந்தத் தாள் வேறொருவர் கையில் கிடைத்தாலும், உங்கள் பாஸ்வேர்டு தெரியாத வரை அவர் அதை வைத்து உள்ளே வர முடியாது. அதனால்தான் இதைத் தாளில் எழுதி வீட்டில் வைப்பது பயப்பட வேண்டிய காரியம் இல்லை என்று தைரியமாகச் சொல்கிறேன். உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து உங்கள் பாஸ்வேர்டைத் திருடுகிறவன் உங்கள் வீட்டு அலமாரிக்கு வரப்போவதில்லை. வீட்டுக்குள் புகுகிற திருடனுக்கு நகைதான் வேண்டும், எட்டிலக்க எண்கள் வேண்டாம். நீங்கள் பயப்பட வேண்டியது இரண்டும் ஓரிடத்தில் சேர்வதற்கு. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்த லேப்டாப், அதே பையின் பக்கவாட்டு ஜிப்பில் இந்தத் தாள் என்று வைத்தால் பை போகும்போது எல்லாம் போய்விடும். தாளில் பாஸ்வேர்டு எழுதவே கூடாது, தாளும் லேப்டாப்பும் ஒரே பையில் பயணம் போகவும் கூடாது.

சரி, எங்கே வைப்பது. எங்கே வைக்கக் கூடாது என்பதிலிருந்து வருகிறேன். போனின் கேலரியில் ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. போனோடு போய்விடும், அதோடு கூகுள் போட்டோஸ் வழியாக உங்கள் கூகுள் கணக்கிலும் ஒரு நகல் போய் உட்கார்ந்திருக்கலாம், ஆக உங்களுக்கு உதவாது, கணக்கைத் திருடியவனுக்கு உதவும். நமக்கு நாமே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல், வாட்ஸாப்பில் "எனக்கே" அனுப்பிய செய்தி, டிரைவ் ஃபைல், இதெல்லாம் அதே ரகம். லேப்டாப்பின் டவுன்லோடு ஃபோல்டர் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அந்த ஃபோல்டரை நாமே ஒருநாள் இடம் போதவில்லை என்று காலி செய்துவிடுவோம், லேப்டாப்பை மாற்றும்போதும் அதுதான் முதலில் காணாமல் போகும். நீங்கள் எடுத்து வைத்த ஃபைல் இப்போது அங்கேதான் கிடக்கிறது என்றால், தாளில் இறக்கியதும் அதை அழித்துவிடுங்கள்.

வைக்க வேண்டிய இடம் தாள், இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகள். ஒன்று நீங்கள் இருக்கும் இடத்தில், ரேஷன் கார்டு, பத்திரம், டிகிரி சர்டிஃபிகேட் எல்லாம் எந்தக் கவரில் இருக்கிறதோ அதே கவரில். தனியாக ரகசிய இடம் தேடாதீர்கள். ரொம்பப் பத்திரமாக ஒளித்து வைத்துவிட்டு நாமே தேடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் அந்தக் கவர் எங்கே என்று கேட்டால் நடுராத்திரியிலும் சொல்வீர்கள். வீடு மாறினாலும் வெள்ளம் வந்தாலும் கையோடு எடுத்துப் போவதும் அதைத்தான். இன்னொரு பிரதி ஊரில் அப்பா அம்மா வீட்டிலோ, அண்ணன் அக்கா வீட்டிலோ, ஒட்டிய உறைக்குள். போனில் கூப்பிட்டு "அந்தக் கவரைப் பிரித்து மூன்றாவது எண்ணை வாசி" என்று கேட்கக்கூடிய ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த ஒருவரின் போன் நம்பர் உங்கள் தலைக்குள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனோடு நம்பர்களும் போய்விட்டால், கவர் இருக்கும் வீட்டைக் கூப்பிட வழியிருக்காது. வங்கி லாக்கர் இரண்டாம் பிரதிக்குச் சரி, முதல் பிரதிக்குச் சரியில்லை, போன் சனிக்கிழமை ராத்திரி தொலைந்தால் திங்கட்கிழமை வரை லாக்கர் திறக்காது.

தாளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை பேரின் சான்றிதழ்கள் நனைந்து வீணாயின என்பது நமக்குத் தெரியும். இங்க்ஜெட் பிரிண்ட் நனைந்தால் மை பரவிவிடும். கடையில் எடுக்கும் லேசர் பிரிண்ட் நனைந்தாலும் நிற்கும், ஆனால் இந்த ஃபைலைக் கடைக்காரர் கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அந்தக் கம்ப்யூட்டரில் அது கிடக்கும். வீட்டில் பிரிண்டர் இல்லையா, பால்பாயின்ட் பேனாவால் கையால் எழுதுங்கள். 10 எண்கள், ஐந்து நிமிட வேலை. ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் மைகள் தண்ணீரில் கரையும். பில் போடும் தெர்மல் தாளில் எடுக்காதீர்கள், இரண்டு கோடை தாண்டினால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். லேமினேஷன் செய்யலாமா என்று பலரும் கேட்பார்கள், வேண்டாம், பயன்படுத்திய கோட்டை அடித்துவிட்டுப் போக முடியாது. ஒரு ஜிப் கவர் போதும்.

கையால் எழுதும்போது எழுத்துகள் கலந்த கோடுகளில் கவனம் வேண்டும். கூகுள் கோடு வெறும் எண்கள், சிக்கல் இல்லை. மற்ற சிலவற்றில் சைபரா ஓ-வா, ஒன்றா எல்-லா என்று ஒரு வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது. சைபருக்குக் குறுக்கே ஒரு சாய்வான கீற்று போடுங்கள். தாளின் மேலே மூன்று விஷயங்கள் எழுதுங்கள், எந்தக் கணக்கு, எந்த மின்னஞ்சல் முகவரி, என்றைக்கு எடுத்தது. இந்தத் தேதிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். இரண்டு பிரதி வைத்திருப்பவர்களுக்கு வரும் உண்மையான கோளாறு, ஏதோ ஒரு நாள் புதுத் தொகுதி எடுத்து ஒரு வீட்டுத் தாளை மட்டும் மாற்றியிருப்பார்கள், இன்னொரு வீட்டில் இருப்பது செத்த கோடுகளாக இருக்கும். தேதி எழுதியிருந்தால் போனில் கேட்டே தெரிந்துகொள்ளலாம். அதே தாளின் கீழே உங்கள் போனின் ஐஎம்இஐ எண்ணையும் எழுதிவிடுங்கள், `*#06#` அடித்தால் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் காட்டும், இரண்டையும் எழுதுங்கள்.

சிம்மை நம்பலாமே, கடையில் டூப்ளிகேட் சிம் வாங்கினால் அதே நம்பருக்கு எஸ்எம்எஸ் வரப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். சித்தி மகளும் அதைத்தான் நம்பினாள். ஆனால் அவள் சிம் அவள் அப்பா பெயரில் இருந்தது, கல்லூரிக் காலத்தில் வாங்கியது. சனிக்கிழமை கடைக்குப் போனால், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்றார்கள். சித்தப்பா பொள்ளாச்சியிலிருந்து திங்கட்கிழமைதான் வர முடிந்தது. மதியம் புது சிம் ஓடத் தொடங்கியது, கால் வந்தது, போனது, எஸ்எம்எஸ் மட்டும் வரவில்லை. இந்தியாவில் சிம் மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாமலும் வராமலும் நிறுத்தி வைப்பார்கள். வேறொருவர் உங்கள் நம்பருக்குப் புது சிம் வாங்கி ஓடிபி பிடித்துப் பணம் எடுப்பதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு, அது இருக்க வேண்டியதுதான். ஆனால் உங்கள் கணக்கைப் பொறுத்தவரை அது இன்னும் ஒரு நாள். செவ்வாய்க்கிழமை மதியம்தான் கூகுளின் ஓடிபி வந்து அவள் உள்ளே போனாள், டிரைவிலிருந்த கிட்ஹப் கோடுகளை எடுத்து அதையும் திறந்தாள். நான்கு நாள். எஸ்எம்எஸ் வழியே இல்லாத கணக்காக இருந்திருந்தால் அந்த நான்கு நாளும் போதாது. சிம் உங்கள் பெயரில் இல்லை என்றால் இந்த வாரமே மாற்றிக்கொள்ளுங்கள்.

தாளுக்கு அடுத்தபடியாக நான் சொல்வது, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன். ஆதென்டிகேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். கியூஆர் ஸ்கேன் செய்யும்போது போனுக்குள் போவது இவ்வளவுதான்:

```
otpauth://totp/GitHub:peyar?secret=JBSWY3DPEHPK3PXP&issuer=GitHub
```

`secret` என்று இருப்பதுதான் விதை. அந்த விதையையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 விநாடிக்கு ஒரு எண் காட்டுகிறது ஆப். 2011-இல் வந்த RFC 6238 என்ற பொது விதிமுறை இது, இணையமும் தேவையில்லை, சிம்மும் தேவையில்லை. அதே விதை எங்கே இருந்தாலும் அதே நேரத்தில் அதே எண்தான் வரும். லினக்ஸ் லேப்டாப்பில் கூட இப்படி எடுக்கலாம்:

```
oathtool --totp -b JBSWY3DPEHPK3PXP
```

ஆகவே இரண்டாம் படி அமைக்கும் அந்த ஒரு நிமிடத்தில், திரையில் கியூஆர் இருக்கும்போதே இரண்டு போன்களிலும் ஸ்கேன் செய்துவிடலாம். ஏற்கெனவே அமைத்தவற்றுக்கு கூகுள் ஆதென்டிகேட்டரில் `Transfer accounts` என்ற இடத்தில் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, பழைய போனில் அதை ஸ்கேன் செய்தால் போதும், புதிய போனிலிருந்து நீக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் என்ற ஆப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபைலாக எல்லா விதைகளையும் வெளியே எடுத்துத் தரும், எனக்கு அதுதான் பிடித்தம், ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய போனில் இரண்டு விஷயம் கெடும். ஒன்று பேட்டரி, மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் உப்பிவிடும் அல்லது சார்ஜே ஏறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதி சார்ஜ் ஏற்றி வையுங்கள். இன்னொன்று கடிகாரம். நெட் இல்லாமல் கிடக்கும் போனின் நேரம் மெல்ல நகர்ந்துவிடும், ஓரிரு நிமிடம் தள்ளிப்போனாலே தளங்கள் எண்ணைத் தவறு என்று சொல்லும். எண் சரியாகத்தான் அடித்தேன், ஆனாலும் ஏற்கவில்லை என்றால் முதலில் போனை வைஃபையில் இணைத்து நேரத்தைத் தானாகச் சரிசெய்ய விடுங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். அப்புறம், இந்தப் பழைய போனுக்கும் திரைப்பூட்டு வேண்டும். பேக்கப் கோடு ஒருமுறைதான் செல்லும், விதை என்றைக்கும் செல்லும். ஆகவே விதை இருக்கும் பொருளைக் கோடு இருக்கும் தாளைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூகுள் ஆதென்டிகேட்டருக்கு 2023 ஏப்ரலில் சிங்க் வசதி வந்தது. அதற்கு முன்பு போன் போனால் எண்களும் போயின, அந்த வகையில் நல்ல வசதிதான். கிட்ஹப் போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் கூகுள் கணக்கையே காப்பாற்ற அது உதவாது, வட்டம்தான் வரும். சிங்க் போட்டிருக்கிறேன் அதனால் தாள் வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நாளைக்கே போன் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், தாளும் கையில் இருக்கிறது. எந்த லேப்டாப்பில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்களோ அதைத் தொடாதீர்கள், வெளியேற வேண்டாம், குக்கீ அழிக்க வேண்டாம். யாருடைய போனிலிருந்தாவது நிறுவனத்தைக் கூப்பிட்டு சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள், திருடன் அதைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபிக்கள் அங்கே போகும். அடுத்து போனைத் தூரத்திலிருந்து பூட்டுங்கள். ஐபோன் என்றால் `icloud.com/find` இரண்டாம் படி எண் கேட்காமலே திறக்கும். ஆண்ட்ராய்டில் `android.com/lock` இருக்கிறது, போன் நம்பர் மட்டும் போதும், ஆனால் அந்த வசதியை அமைப்புகளில் முன்பே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். உடனே எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். அழித்தால் ஆதென்டிகேட்டரும் போகும், போன் இருக்கும் இடமும் தெரியாமல் போகும். ஆட்டோவில் விட்டு வந்திருப்பீர்கள், ஒரு மணி நேரத்தில் கிடைக்கலாம். கணக்குகளுக்குள் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, போன் கிடைக்காது என்று உறுதியானதும் அழியுங்கள்.

பிறகு மின்னஞ்சல். பாஸ்வேர்டு, `Try another way`, எட்டிலக்க பேக்கப் கோடு என்று வரிசையாகக் கொடுத்து உள்ளே போனதும் `Your devices` பட்டியலில் தொலைந்த போனை வெளியேற்றுங்கள். ஆதென்டிகேட்டரை நீக்கிப் புதிதாக அமையுங்கள், இதைச் செய்யாவிட்டால் பழைய விதை அந்த போனில் இன்னும் உயிரோடு எண் காட்டிக்கொண்டிருக்கும். புது பேக்கப் தொகுதி எடுத்துத் தாளை மாற்றுங்கள். அடுத்து பாஸ்வேர்டு மேனேஜர், அடுத்துதான் கிட்ஹப்பும் மற்றதும், ஒவ்வொன்றிலும் விதையை மாற்ற வேண்டும். போலீஸ் புகார் நகலும் ஐஎம்இஐ எண்ணும் இருந்தால் `ceir.gov.in` தளத்தில் அந்த போனையே நாடு முழுக்க முடக்கலாம், ஆனால் அதற்கும் ஓடிபி கேட்கும் என்பதால் புது சிம் வந்த பிறகுதான் முடியும்.

இந்த நாட்களில் யாராவது கூப்பிட்டு உங்கள் கணக்கை மீட்டுத் தருகிறோம், பேக்கப் கோடு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் வைத்துவிடுங்கள். கோடு போக வேண்டிய இடம், நீங்களே முகவரி அடித்துத் திறந்த உள்நுழைவுப் பக்கம் ஒன்றுதான்.

தாளும் இல்லை, பழைய போனும் இல்லை, ஆனால் லேப்டாப் இன்னும் உள்ளே இருக்கிறது என்றால் நிலைமை மோசமில்லை. கிட்ஹப்பில் `Settings`, `Password and authentication` போனால் பாஸ்வேர்டு மட்டும் கேட்டு `Recovery codes` காட்டும், உடனே எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பும் வெளியேறிவிட்டது என்றால் கூகுளில் `g.co/recover`, அதுவும் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே கம்ப்யூட்டர், அதே பிரவுசர், அதே வீட்டு வைஃபையில் முயலுங்கள், அவர்கள் அதையெல்லாம் பார்ப்பார்கள். நீங்கள்தான் என்று உறுதிசெய்ய 3 முதல் 5 வேலை நாட்கள் ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. கிட்ஹப்பில் உங்கள் மின்னஞ்சலோடு, முன்பு உள்நுழைந்த கருவியோ எஸ்எஸ்எச் சாவியோ டோக்கனோ இருந்தால் மீட்பு விண்ணப்பம் போடலாம். அதுவும் இல்லையென்றால் அவர்களின் உதவிப் பிரிவாலும் அந்தக் கணக்கைத் திறந்து தர முடியாது என்று வெளிப்படையாக எழுதியே வைத்திருக்கிறார்கள். கெஞ்சிப் பயனில்லை. நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்க அவர்களிடம் வேறு வழியில்லை.

எல்லாம் ஏற்பாடு செய்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனை அணைத்து வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் இன்னொருவரின் லேப்டாப்பில் பிரைவேட் விண்டோ திறந்து, மின்னஞ்சலுக்கும் மேனேஜருக்கும் உள்ளே போய்க் காட்டுங்கள். கூகுளின் ஒரு கோடு செலவாகும், தாளில் அதை அடித்துவிடுங்கள், ஒன்பது மிச்சமிருக்கும். மேனேஜர் ஒரே ஒரு கோடு தருகிற வகை என்றால் அந்தக் கோட்டைச் செலவழிக்காமல் பழைய போனின் எண்ணைப் போட்டுப் பாருங்கள், தாளில் உள்ளதை லேப்டாப் திரையில் காட்டும் கோட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் போதும். சித்தி மகளை உட்காரவைத்து இதைச் செய்தபோது, இரண்டு மாதமாக விரல்ரேகையிலேயே திறந்து பழகிய மேனேஜரின் பாஸ்வேர்டு அவளுக்கு மறந்துபோயிருந்தது தெரிந்தது. அது மறந்தால் பேக்கப் கோடு, பழைய போன் எதுவும் உதவாது, மேனேஜர்கள் அந்த ஒரு பாஸ்வேர்டை மாற்றித் தருவதில்லை. போன் கையில் இருந்ததால் விரல்ரேகை வழியாகத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, புதுக் கணக்கு போட்டு மாற்றினோம், ஒரு மணி நேர வேலை. இப்போது அவள் மேனேஜரின் பாஸ்வேர்டைத் தனித் தாளில் எழுதி ஒட்டி, பேக்கப் கோடுகள் இல்லாத பொள்ளாச்சி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறாள். கோடுகளின் இரண்டாம் பிரதி என் வீட்டில் இருக்கிறது.